வலியோடு வரும் ‘மூலம்’: நார், நீர், இடுப்புக்குளியல் ஆகியவற்றின் இடமும் எல்லையும்

மலம் கழிக்கும்போது வலியும் ரத்தமும், கழுவும்போது விரலில் தட்டுப்படும் சிறு முளை. இவை சேர்ந்துவிட்டால் நோயாளியும் மருந்துக்கடைக்காரரும் ‘மூலம்’ என்றே முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பல நேரங்களில் தவறு என்பதும், அதன்பின் சொல்லப்படும் மூன்று வீட்டு வைத்தியங்களும் சம எடை உடையவை அல்ல என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வலி. ஆசனவாய்க் குழலின் உட்புறம் ரம்பப் பற்களைப் போல் வளைந்து செல்லும் ஒரு கோடு உண்டு. அதற்கு மேலுள்ள சவ்வுக்குக் கீறலோ ஊசியோ வலிப்பதில்லை. கீழுள்ள தோலுக்கோ விரல்நுனிக்குரிய கூருணர்வு இருக்கிறது. உள்மூலம் கோட்டுக்கு மேலே உண்டாவது. எனவே அது பளிச்சென்ற சிவப்பு ரத்தத்தைச் சொட்டவிடும். வெளியே பிதுங்கி இறுகிக்கொண்டாலொழிய வலிக்காது. வலியும் ரத்தமும் முளையும் ஒருங்கே இருந்தால் முதலில் ஐயப்பட வேண்டியவை இரண்டு: ஆசனவாய் வெடிப்பு, ரத்தம் உறைந்த வெளிமூலம்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். நாள் முழுதும் உட்கார்ந்தே வேலை செய்யும் முப்பது வயதுத் தையற்காரர். மலச்சிக்கலில் முக்கிக் கழித்த நாள்முதல் கீறுவது போன்ற வலி. அது கழித்து முடித்த பிறகும் ஒரு மணி நேரம் நீடிக்கிறது. பின்பக்க நடுக்கோட்டில் மெத்தென்ற சிறு முளை. மருத்துவர் விரலை உள்ளே விடாமல் பிட்டத்தை மெல்ல விலக்கிப் பார்க்கிறார், வெடிப்பு தெரிகிறது. முளை அதன் கீழ்நுனியில் வளர்ந்த தோல்மடிப்பு. அது உருவாகப் பல வாரம் ஆகும் என்பதால், இது நேற்று வந்த வெடிப்பு அல்ல. அதே முளை திடீரென நீலம் பாரித்துக் கெட்டியாகி, உட்கார்ந்தாலே வலித்திருந்தால் அது ரத்தம் உறைந்த வெளிமூலம். மூன்று நாளுக்குள் வந்தால் அறுவை மருத்துவர் அதை அகற்றி விரைவில் வலியைத் தணிக்கலாம். அதன்பின் தானே வற்றும்வரை பொறுப்பதே பெரும்பாலும் நல்லது.

இனி வைத்தியம். மூன்றில் உறுதியான சான்று உள்ளது நாருக்கே. மூலநோயில் அது ரத்தப்போக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. 1986இல் வெளியான ஒரு டேனிஷ் ஆய்வில், புதிய வெடிப்புகளுக்குத் தவிடும் வெந்நீர்க் குளியலும் பெற்றவர்களில் 87 விழுக்காட்டினர் மூன்று வாரத்தில் குணமாயினர். மரத்துப்போகச் செய்யும் களிம்பு மட்டும் பூசியவர்களில் 60 விழுக்காட்டினரே. தையற்காரருக்கு இதன் பொருள்: தீட்டிய அரிசிச் சோற்றின் அளவைக் குறைத்து, கீரை, அவரை, வாழைத்தண்டு, கொய்யா, கம்பு ஆகியவற்றைக் கூட்டுவது. போதாவிட்டால் இரவில் இரண்டு தேக்கரண்டி இசப்கோல், ஒரு முழு டம்ளர் நீரில். தொடங்கும்போது ஒரு தேக்கரண்டியே போதும்; ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பி, மூன்றாம் நாளே விட்டுவிடுவார்கள். பலன் தெரிய ஆறு வாரம் வரை ஆகலாம்.

நீர் நாருக்குத் துணை. நீரின்றி எடுத்த நார் மலத்தை இறுக்கிவிடலாம். ஆனால் போதுமான அளவு குடிப்பவர் மேலும் பல லிட்டர் குடித்தால் மலம் இளகும் என்பதற்கு வலுவான ஆதாரமில்லை. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்குமளவு குடித்தால் போதும். இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொன்ன அளவை மீறக் கூடாது.

இடுப்புக்குளியல் முதன்மையாக வலி ஆற்றுவது. இறுகிய தசை தளர்வதால் இதம் கிடைக்கிறது. தனியாக அது புண்ணை ஆற்றுகிறது என்பதற்குச் சான்று மெலிவானது. மலம் கழித்தபின்னும் படுக்குமுன்னும், முழங்கையில் பட்டால் இதமாக இருக்கும் நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, ஒற்றித் துடைத்தால் போதும். டெட்டால் வேண்டாம், அது வெடித்த தோலை எரிச்சலூட்டும். கொதிக்கும் நீரூற்றிச் சுட்டுக்கொள்பவர்களும் உண்டு.

முறையாகச் செய்தும் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறாத வெடிப்புக்குத் தசையைத் தளர்த்தும் டில்டியாசெம் களிம்பு, அதற்கும் ஆறாதபோது சிறு அறுவை என்று வழிகள் உள்ளன. வெடிப்பு நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் காசநோய், குரோன் நோய் ஆகியவற்றைத் தேட வேண்டும். காய்ச்சலோடு விண்விண்ணென்று தெறிக்கும் வீக்கம் சீழ்க்கட்டி. அன்றே கீறி வடிக்க வேண்டியது, இசப்கோலுக்குக் காத்திருக்கக் கூடாதது.

நாற்பத்தைந்தைக் கடந்தவர்கள், ரத்தம் கருமையாக அல்லது மலத்தில் கலந்து வருபவர்கள், எடையோ ரத்த அளவோ குறைந்தவர்கள், குடும்பத்தில் குடல் புற்றுநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு முளை தெரிந்தாலும் பெருங்குடல் சோதனை தேவை. சோதிக்காமல் ‘மூலம்தான்’ என்று எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள்.