மூச்சிரைப்பும் தாம்பத்தியமும்: காரணம் அறிந்து வழி மாற்றுதல்

மண்ணச்சநல்லூர் பொன்னி அரிசிக்குப் பேர்போன ஊர். நெல் அவிக்கும் ஆலைகளில் உமியே எரிபொருள். அதன் தூசும் புகையும் அங்கே வேலை செய்பவர்களின் மூச்சுக்குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் போகின்றன. பீடிப் பழக்கமும் சேர்ந்துவிட்டால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதற்கு வேறொன்றும் வேண்டியதில்லை. அதே வயதில், அதே தெருவில், பழைய மாரடைப்பாலோ இரத்த அழுத்தத்தாலோ இதயம் தளர்ந்துபோனவர்களும் இருக்கிறார்கள். கணவன் மனைவி நெருங்கும்போது மூச்சு வாங்குகிறது என்பது இரு சாராருக்கும் பொதுவான துன்பம். அவர்கள் கேட்கும் அறிவுரையும் ஒன்றாகவே இருக்கிறது: வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள். இந்த அறிவுரை தவறு என்பது என் வாதம். இரு நோய்களிலும் மூச்சிரைப்பு பிறக்கும் விதம் வேறு; ஆகவே அதைத் தணிக்கும் வழியும் வேறு.

உடலுறவு கேட்கும் உழைப்பு பலர் அஞ்சும் அளவுக்குப் பெரிதன்று. அமைதியாக அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை ஒன்று எனக் கொண்டால், உடலுறவின் உச்சத்திலும் அது பொதுவாக மூன்று முதல் ஐந்து மடங்கைத் தாண்டுவதில்லை. அதுவும் சிறிது நேரத்துக்குத்தான். நெஞ்சுவலியோ கடும் திணறலோ இல்லாமல் இரண்டு மாடிப் படிகளை விறுவிறுப்பாக ஏற முடிகிறவருக்கு இது பெரும்பாலும் தாங்கும். மலைக்கோட்டை ஏறும் தெம்பு தேவையில்லை. படியேற முடியாதவருக்கும் கதவு அடைபடவில்லை. உழைப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நுரையீரல் நோயாளியின் சிக்கல் காற்றை வெளியே விடுவதில் இருக்கிறது. மூச்சு வேகமெடுக்கும்போது வெளிவிடும் நேரம் சுருங்குகிறது. முந்தைய மூச்சு முழுதும் வெளியேறுவதற்குள் அடுத்தது உள்ளே வந்துவிடுகிறது. நெஞ்சு ஏற்கெனவே விரிந்து நிற்பதால் புதுக் காற்றுக்கு இடமில்லை. எனவே இவருக்கு முதல் மருந்து நிதானம். உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரு மடங்கு நேரம் ஊதி வெளிவிட வேண்டும். இரைப்பு ஏறினால் அசைவை நிறுத்தி, அணைத்தபடியே இருந்து, தணிந்தபின் தொடரலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த சால்பியூட்டமால் இன்ஹேலரைப் பதினைந்து நிமிடம் முன்பாக எடுத்துக்கொண்டால் குழாய்கள் விரிந்திருக்கும். நெஞ்சின்மேல் பாரம் விழக்கூடாது. கைகளை ஊன்றி உடலைத் தாங்குவதும் இவரைச் சீக்கிரம் களைக்க வைக்கும். இருவரும் பக்கவாட்டில் படுப்பது, அல்லது இவர் நாற்காலியில் சாய்ந்திருக்கத் துணை மடியில் அமர்வது எளிது. கொசுவர்த்தியும் ஊதுபத்தியும் அந்த அறையில் வேண்டாம்.

இதயம் தளர்ந்தவருக்கோ மல்லாந்து படுப்பதே பகை. படுத்தவுடன் காலிலும் வயிற்றிலும் தேங்கிய இரத்தம் நெஞ்சுக்குத் திரும்புகிறது. அதைத் தள்ள முடியாமல் இதயம் திணற, நுரையீரலில் நீர்க்கசிவு கூடுகிறது. தலையணைகளை அடுக்கி மேல்உடலை உயர்த்திக்கொண்டாலோ உட்கார்ந்த நிலையிலோ பாரம் குறையும். முன்னால் குனிவதும் சிலருக்கு மூச்சை அடைக்கும். சால்பியூட்டமால் இதயத் துடிப்பைக் கூட்டக்கூடியது என்பதால், பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவிய இன்ஹேலரை இவர் இரவல் வாங்குவது ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து, நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் மருந்துக்கடையில் சில்டெனாஃபில் வாங்கிப் போட்டுக்கொள்வது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு விழலாம்.

எடுத்துக்காட்டாக, ஆலையில் முப்பது ஆண்டு மூட்டை சுமந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். சமதரையில் நடந்தாலே மனைவியைவிடப் பின்தங்குகிறார். மல்லாந்து படுத்தால் திணறல் இல்லை, கால் வீக்கமில்லை, காலையில் சளி அதிகம். இவை நுரையீரலைச் சுட்டுகின்றன. ஆனால் இரு நோயும் ஒருவரிடமே இருக்கலாம் என்பதால் மூச்சுத்திறன் சோதனையும் எக்கோவும் எடுத்தபின்பே முடிவு கட்ட வேண்டும். சளி வெளியேறாத விடியற்காலை இவருக்கு ஏற்ற வேளையன்று. வயிறு நிறைந்து, நாள் முழுக்க உழைத்துக் களைத்த இரவும் அன்று. பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போன முற்பகல்தான் நல்ல வேளை. கூட்டுக்குடும்பத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் துணிவு மருந்தைவிடக் கடினமானது. மருத்துவர் இதைத் தம்பதி இருவரிடமும் சேர்த்துப் பேசினால் பாதிக் கூச்சம் போய்விடும். நோயாளி மனைவியாக இருந்தால் பேச்சு இன்னும் அவசியம். விறகடுப்புப் புகையால் நுரையீரல் கெட்ட பெண், கணவரின் எடை நெஞ்சில் அழுத்துவதைச் சொல்லாமலே பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வாள்.

எப்போது தள்ளிப்போட வேண்டும்? இதய நோயாளிக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினால், கால் வீங்கினால், இரவில் திணறி எழுந்து உட்கார நேர்ந்தால், நிலை சீராகும்வரை உடலுறவு வேண்டாம். ஓய்விலேயே மூச்சு வாங்குகிறவருக்கும் அப்படியே. நுரையீரல் நோயாளிக்குச் சளி நிறம் மாறிக் காய்ச்சல் வந்தால் பொறுத்திருக்க வேண்டும். உறவின்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். வலி சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். முடிந்து கால் மணி நேரமாகியும் படபடப்பு அடங்காமலிருந்தாலோ மறுநாளும் அசதி நீடித்தாலோ அந்த முறை உடலுக்கு மிஞ்சிய உழைப்பு என்று பொருள்; அடுத்த முறைக்குள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.