முழுச் சட்டகத் தேடல்

பரவிவரும் படம் வெட்டப்பட்டதா என்று அறிய அதன் மூலப் படத்தைக் கண்டெடுக்கும் சரிபார்ப்பு முறை. 2020 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் ஐந்து இளம் காலநிலைச் செயற்பாட்டாளர்கள் நின்ற படத்தை அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்டபோது, இடது ஓரத்தில் நின்ற உகாண்டாவின் வனெசா நகாட்டே வெட்டப்பட்டிருந்தார். ஐவரில் அவர் ஒருவரே கறுப்பினத்தவர். பின்னணிக் கட்டடத்தை நீக்கவே வெட்டியதாக நிறுவனம் விளக்கியது. எழுந்த கண்டனத்துக்குப் பின் முழுப் படத்தை வெளியிட்டு, மன்னிப்பும் கேட்டது. நோக்கம் எதுவானாலும் இழப்பு நகாட்டேக்குத்தான்.

முதலில் படத்தின் அகல உயர விகிதத்தைப் பார்க்க வேண்டும். செய்திக் கேமராக்களின் சட்டகம் பெரும்பாலும் 3:2 விகிதம். படம் அதிலிருந்து விலகினால் வெட்டப்பட்டிருக்கலாம். ஆனால் அதே விகிதத்திலும் வெட்ட முடியும் என்பதால் விகிதம் சான்றாகாது. அடுத்து TinEye தளத்தில் படத்தை ஏற்றி, முடிவுகளை Biggest image என வரிசைப்படுத்த வேண்டும். பெரிய கோப்பெல்லாம் மூலமல்ல, சிறியதை ஊதிப் பெரிதாக்கியவையும் அதில் வரும். முகம், துணியின் நெசவு போன்ற நுண்விவரம் தெளிவாகக் கூடினால் அது மூலத்துக்கு நெருக்கமானது. மங்கலாகவே பெருத்திருந்தால் ஒதுக்கலாம். தேடலில் எதுவும் சிக்காதபோது, அதே நிகழ்வில் பிற புகைப்படக்காரர்கள் எடுத்த படங்களில் ஓரத்தில் நின்றவர் யாரென்று பார்ப்பதே வழி.