முதல் பத்திரிகை

திருமண அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையைத் தெய்வத்துக்கு வைப்பர். ஊரப்பாக்கம் உள்ளிட்ட செங்கல்பட்டுப் பகுதியில் குலதெய்வத்துக்கோ பிள்ளையாருக்கோ வைப்பது வழக்கம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு, பழத்துடன் தட்டில் வைத்துப் படைப்பர்.

அழைப்பிதழின் வாசகம் ‘நிகழும் மங்களகரமான’ எனத் தொடங்கித் தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், முகூர்த்த நேரம், லக்னம் என வளரும். தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் கிழமையோடு பொருந்தாமல் போவதே அடிக்கடி நேரும் பிழை. அச்சுக்கு முன் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

தெய்வத்துக்கு வைத்த பிறகு, தாய்மாமன், பெரியப்பா முதலிய மூத்தோர் வீடுகளுக்குப் பெற்றோர் தம்பதியாகச் சென்று, குங்குமம் கொடுத்துப் பத்திரிகை வைப்பர். வாட்ஸ்அப் அழைப்பு இதற்கு ஈடாகாது.