அனுமானக் குறிப்பு (வரவு செலவுத் திட்டம்)

ஒரு ஸ்தாபனம் தன் வருகிற ஆண்டின் வரவையும் செலவையும் எந்த அளவு விலைவாசி உயர்வையும், எந்த நாணய மாற்று விகிதத்தையும், எத்தனை மாணவர் சேர்வார்கள் என்ற உத்தேசத்தையும் ஆதாரமாகக் கொண்டு கணக்கிட்டது என்பதைத் தொகைகளுக்கு முன்பாகவே எழுதிவைக்கும் பத்திரம் அனுமானக் குறிப்பு எனப்படும்.

கல்வித் துறையில் இதற்குச் சிறந்த பழைய உதாரணம், தௌலத் சிங் கோத்தாரியின் தலைமையில் 1964இல் அமைந்து, 1966 ஜூன் 29 அன்று அறிக்கை அளித்த கல்விக் குழுவின் நிதி மதிப்பீடாகும். தேசிய வருமானம் ஆண்டுக்கு 6 சதவீதம் வளரும், அதில் கல்விக்குச் செல்லும் பங்கு 2.9 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக உயரும், ஜனத்தொகை இன்ன வேகத்தில் பெருகும் என்று தன் அனுமானங்களை முதலில் வெளிப்படையாக வைத்துக்கொண்டு, 1965–66இல் தலைக்கு 12 ரூபாயாக இருந்த கல்விச் செலவு 1985–86இல் 54 ரூபாயாகும் என்று அக்குழு கணித்தது; இத்தொகைகள் நிலையான விலைகளில் கூறப்பட்டவை என்பதையும் அங்கேயே குறித்தது. அந்த இருபதாண்டுகளில் தேசிய வருமானம் அந்த வேகத்தை எட்டவில்லை. ஆயினும் அனுமானங்கள் தனித்தனியே எழுதப்பட்டிருந்தமையால், கணிப்பு பொய்த்தது எந்த இடத்தில் என்பதைப் பின்வந்தோரால் விரல்வைத்துக் காட்ட முடிந்தது. குறிப்பின் பிரதான பிரயோஜனம் இதுவே.

அறிக்கை வெளிவருவதற்குச் சுமார் மூன்று வாரங்களுக்கு முன், 1966 ஜூன் 6 அன்று, ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு, டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்த விகிதம் 7.50 ஆயிற்று. ஆயிரம் டாலர் பெறுமான ஆய்வுக்கூடக் கருவி ஒன்றுக்கு முதல் நாள் 4,760 ரூபாய், மறுநாள் 7,500 ரூபாய். கடைத்தெருவில் அரிசியின் விலை ஓரிரவில் அவ்வாறு ஏறுவதில்லையாதலால், பணவீக்கத்தையும் மாற்று விகிதத்தையும் ஒரே "விலை உயர்வு" என்ற தலைப்பில் சேர்த்து எழுதுவது பிழையாகும்.

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே உள்ள சுங்குவார்சத்திரத்தில், விடுதியுடன் கூடிய தொழிற்பயிற்சிக் கூடம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். உத்தேசச் சேர்க்கை 200 பேர். ஆண்டுக் கட்டணம் 40,000 ரூபாய். சென்ற ஆண்டின் விலையில் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு 24,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து தருவிக்கவேண்டிய பயிற்சி இயந்திரம் 20,000 டாலர்.

குறிப்பின் முதல் வரி, "சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் 5 சதவீதப் பணவீக்கம்" என்றிருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 4 சதவீத இலக்கை எல்லாச் செலவுக்கும் அப்படியே பூசிவிடுதல் ஆகாது. ஏனெனில் குறைந்தபட்ச ஊதியத்தின் பஞ்சப்படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைத் தழுவி ஏப்ரல் மாதத்தில் மாறுகிறது; ஊழியர் சம்பளத்துக்கு அதுவே பிரமாணம். இரண்டாவது வரியில் நாணய மாற்று விகிதத்தோடு, அது எந்தத் தேதியில் எங்கே பார்க்கப்பட்டது என்பதும் இருக்க வேண்டும். செய்தியில் காணும் விகிதத்தைவிட வங்கி டாலர் விற்கும் விகிதம் சற்று அதிகம். சுங்கவரியோ சுங்கத் துறை தனியே அறிவிக்கும் விகிதத்தில் கணக்கிடப்படும்.

மூன்றாவதான சேர்க்கையே மிகுந்த கவனத்துக்குரியது. விண்ணப்பித்தோர், சேர்ந்தோர், கடைசிவரை தொடர்ந்தோர் என்பவை மூன்று வெவ்வேறு எண்கள். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் ஆள் எடுக்கும் மாதங்களில் பயிற்சியை நடுவிலே விட்டு வேலைக்குப் போவோர் உண்டு. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியதுபோல், வேலைவாய்ப்பே சுருங்கிப் பயிற்சியின் மீது நாட்டம் குறைவதும் உண்டு. பள்ளிகளின் தேசியப் புள்ளிவிவரம் முன்பு செப்டம்பர் 30ஆம் தேதித் தலைக்கணக்கை ஏற்றுவந்ததைப் போல, ஒரே தேதியை நிர்ணயித்து எழுதுவதே முறை.

இம்மூன்றும் பிசகினால் நேர்வதைக் காண்போம். சாப்பாட்டு விலை கூடுதலாக ஒரு சதவீதம் ஏறினால் 48,000 ரூபாய் அதிகச் செலவு. இயந்திரத்துக்குப் பணம் கட்டும் நாளில் டாலர் 5 ரூபாய் ஏறியிருந்தால், வரி நீங்கலாக, ஒரு லட்சம். தொடக்கத்திலேயே பத்து மாணவர் குறைந்தால் கட்டணத்தில் 4,00,000 ரூபாய் போகும். சாப்பாட்டில் 2,52,000 மிஞ்சும். நிகர நஷ்டம் 1,48,000. ஆசிரியர் சம்பளமும் கட்டட வாடகையும் பத்துப் பேர் குறைந்ததற்காகக் குறைவதில்லை. அந்தப் பத்துப் பேரும் ஆண்டின் நடுவில் விலகினாலோ, கட்டணம் திருப்பித் தரப்படுமா என்ற விதியைப் பொறுத்து நஷ்டம் மாறும். அவ்விதியையும் குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டத்துக்குப் பின் மத்திய அரசு தன் வரவு செலவுத் திட்டத்துடன் இத்தகைய அனுமானங்களையும் நாடாளுமன்றத்தில் வைத்து வருகிறது.