நடுவுல இருந்த சத்தம் எங்க போச்சு?

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு கிராஃபைப் பத்தித்தான். 1957-ல வந்த கிராஃப். மனுஷங்க பேச்சை எப்படிக் கேட்கிறாங்கன்னு சொல்லித்தர்ற பாடப்புத்தகங்கள்ல இன்னைக்கும் அதோட வம்சாவளிப் படம் ஒண்ணு இருக்கும். அதுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு வாக்கியமும் இருக்கும்: "ஒரே வகைக்குள் இருக்கும் ஒலி வேறுபாடுகள் நமக்குக் கேட்பதில்லை." கிராஃப் சரிதான். அந்த வாக்கியம்தான் பிரச்சினை. அந்தச் சோதனை எதைக் காட்டுச்சு, எதைக் காட்டலைன்னு நிதானமாப் பார்க்கலாம்.

கதை நியூயார்க்ல ஆரம்பிக்குது. இரண்டாம் உலகப்போர் முடியற சமயம். பார்வை இழந்த படைவீரர்களுக்கு அச்சுப் புத்தகத்தைச் சத்தமா மாத்திக் கொடுக்கிற இயந்திரம் ஒண்ணு செய்ய ஹாஸ்கின்ஸ் ஆய்வகம் முயற்சி பண்ணுது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு 'பீப்' மாதிரி சத்தம். காதால் அதைப் படிக்கலாம், ஆனா ரொம்ப மெதுவா. நாம சாதாரணமாப் பேசற வேகத்துக்குப் பக்கத்துலகூட அது வரலை. அப்போ பேச்சுல மட்டும் அப்படி என்ன விசேஷம்? ஆல்வின் லிபர்மன் என்ற உளவியலாளரையும் அவரோட சகாக்களையும் வருஷக்கணக்கா ஓட வெச்சது இந்தக் கேள்விதான்.

ஃபிராங்க்ளின் கூப்பர் அங்கே ஒரு வினோதமான கருவி கட்டியிருந்தார். பேட்டர்ன் பிளேபேக்னு பேர். பிளாஸ்டிக் பட்டையில பெயின்ட்டால கோடு வரைஞ்சு உள்ளே விட்டா, அந்தக் கோட்டைச் சத்தமாப் படிக்கும். கோட்டைக் கொஞ்சம் மாத்தினா சத்தமும் கொஞ்சம் மாறும். மனுஷ வாயால செய்ய முடியாத வேலை இது. 'பஸ்'ல வர்ற ப, 'டாக்டர்'ல வர்ற ட, 'கவர்மென்ட்'ல வர்ற க, இந்த மூணுக்கும் நடுவுல படிப்படியா நகரும் சத்தங்களை இதால உண்டாக்கலாம்.

1957-ல லிபர்மன், கேத்தரின் ஹாரிஸ், ஹோவர்ட் ஹாஃப்மன், பெல்வர் கிரிஃபித் நாலு பேரும் அப்படி 14 சத்தங்கள் செஞ்சாங்க. படிக்கட்டு மாதிரி. ஒவ்வொரு படிக்கும் சத்தத்தோட ஆரம்பத்துல ஒரே ஒரு அதிர்வெண் மட்டும், சம அளவுல, கொஞ்சம் மேலே போகும். வேற எதுவும் மாறாது.

முதல் சோதனை, அடையாளம் சொல்றது. சத்தம் வரும், அது மூணுல எதுன்னு கேட்கிறவர் சொல்லணும். சத்தம் படிப்படியா மாறினாலும், பதில் அப்படி மாறலை. சில படிகள் வரைக்கும் எல்லாமே ப. அப்புறம் ஒண்ணு ரெண்டு படியிலேயே சட்டுனு ட-வுக்குத் தாவிடுது. பிறகு அதே மாதிரி க.

ரெண்டாவது சோதனை, வித்தியாசம் கண்டுபிடிக்கிறது. முதல்ல ஒரு சத்தம், அப்புறம் கொஞ்சம் வேற சத்தம், மூணாவதா அந்த ரெண்டுல ஒண்ணு திரும்ப வரும். மூணாவது முதல்ல வந்ததா, ரெண்டாவதா வந்ததான்னு சொல்லணும். கண்ணை மூடிக்கிட்டு அடிச்சாலே 50 சதவீதம் சரியா வரும்.

இங்கேதான் அவங்க ஒரு அழகான காரியம் பண்ணினாங்க. ஒரு கற்பனை மனிதரை உருவாக்கினாங்க. அவருக்குச் சத்தமே ஞாபகம் இருக்காது. தான் வெச்ச பேர் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அவர் எவ்வளவு மார்க் வாங்குவார்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எளிமைக்காக ரெண்டே பேர்கள்னு வெச்சுக்குங்க. எண்கள் என்னோடவை. ஒரு சத்தத்தை 100-ல 90 தடவை ப-ன்னு சொல்றார், அடுத்ததை 20 தடவைதான் ப-ங்கிறார். வித்தியாசம் 0.7. முதல் ரெண்டு சத்தமும் வேற வேற பேர் வாங்கணும், மூணாவதும் தன் பேரைச் சரியா வாங்கணும். ரெண்டும் நடந்தாத்தான் அவருக்கு லாபம். அதனால 0.7-ஐ அதாலேயே பெருக்கறோம்: 0.49. அதுல பாதியை 50 சதவீதத்தோட சேர்த்தா, ஏறக்குறைய 75 சதவீதம். இப்போ ஒரே வகைக்குள்ள இருக்கிற ரெண்டு சத்தம்: ஒண்ணு 100 தடவை ப, இன்னொண்ணு 95 தடவை ப. அதே கணக்கைப் போட்டா 50 சதவீதத்தைத் தாண்டி ஒரு கால் சதவீதம்கூட வராது. அதாவது வெறும் குருட்டு யூகம்.

நிஜ மனுஷங்களோட மார்க்கும் இதே வடிவத்துல வந்தது. எல்லைகள்கிட்ட உச்சம், வகைக்குள்ள பள்ளம். அந்தப் பிரபலமான கிராஃப் இதுதான். இதுக்கு 'கேட்டகாரிகல் பெர்செப்ஷன்'னு பேர் வந்தது. நம்ம வார்த்தையில, சத்தத்தைக் கேட்காம வகையைக் கேட்கிறது.

ஆனா ஒரு சின்ன விஷயம். நிஜ மனுஷங்க, அந்தக் கற்பனை மனிதரைவிட எப்பவும் கொஞ்சம் அதிகமா மார்க் வாங்கினாங்க. கட்டுரையிலேயே அது இருக்கு, மறைக்கலை. பேரை மட்டும் ஞாபகம் வெச்சிருந்தா அந்தக் கூடுதல் மார்க் வரவே முடியாது. அப்போ பேரைத் தாண்டி ஏதோ காதுல தங்கியிருக்கு. இன்னைக்கு நாம பின்தொடரப் போற நூல் இதுதான்.

1962-ல இதே குழுவைச் சேர்ந்தவங்க உயிரொலிகளை வெச்சுச் சோதிச்சாங்க. கதை மாறிடுச்சு. வகைக்குள்ளேயும் வித்தியாசம் நல்லாவே கேட்டது. லிபர்மன் தரப்பு கொடுத்த விளக்கம்: மெய்யொலியை வாய் தனித்தனி அசைவுகளாச் செய்யுது, உயிரொலியை வழுக்கிக்கிட்டே செய்யுது, நாம கேட்கிறது வாயோட அசைவைத்தான்.

1973-ல டேவிட் பிசோனி வேற இடத்துல கை வெச்சார். ஞாபகத்துல. ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை 2 விநாடி வரைக்கும் நீட்டிப் பார்த்தார். இடைவெளி கூடக்கூட, உயிரொலிகள்ல வகைக்குள்ள இருந்த நுண்ணிய வித்தியாசம் கைநழுவிப் போச்சு. உயிரொலியை ரொம்பக் குட்டையா வெட்டிக் கொடுத்தா, அதுவும் மெய்யொலி மாதிரி நடந்துக்க ஆரம்பிச்சது. யோசிச்சுப் பாருங்க. 'ஆ'ன்னு நீட்டற சத்தம் காதுல கொஞ்ச நேரம் நிக்கும். ப-வோட அடையாளம் ஒரு நொடியோட சின்னத் துணுக்கு. மூணு சத்தம் வரிசையா வர்ற சோதனையில, மூணாவது வர்றதுக்குள்ள முதல் சத்தம் கரைஞ்சு போயிருக்கும். மிச்சம் இருக்கிறது நீங்க வெச்ச பேர்தான். ஆக, பேரை வெச்சுப் பதில் சொல்லுன்னு சோதனையே உங்களைத் தள்ளுது. காது கேட்கலைங்கிறது வேற, ஞாபகத்துல நிக்கலைங்கிறது வேற.

இது சரின்னா, ஞாபகச் சுமையைக் குறைச்சா பள்ளம் மேடாகணும். 1977-ல கார்னி, விடின், வீமைஸ்டர் மூணு பேரும் அதைச் செஞ்சாங்க. ஒப்பிட வேண்டிய சத்தத்தை மாத்தாம வெச்சாங்க. ஒவ்வொரு பதிலுக்கும் சரியா தப்பான்னு சொன்னாங்க. பயிற்சி கொடுத்தாங்க. கேட்டவங்க ஒரே வகைக்குள்ள இருக்கிற வித்தியாசங்களை நல்லாவே பிடிச்சாங்க. அதே மனுஷக் காதுதான்; மாறினது வேலை.

சரி, அந்த முதல் சோதனையில வந்த சட்டுனு தாவற கோடு? அதுக்கும் ஒரு கேள்வி இருக்கு. ரெண்டே பட்டன் கொடுத்தா, கேட்கிறவர் ரெண்டுல ஒண்ணைத்தான் அழுத்த முடியும். நடுவுல இருக்கிற சத்தத்தை "பாதிக்குப் பாதி"ன்னு அவர் துல்லியமாக் கேட்டிருந்தாலும் அதைச் சொல்ல பட்டன் இல்லை.

2002-ல ராசெஸ்டர் பல்கலைக்கழகத்துல பாப் மக்மரே, மைக்கேல் டெனன்ஹாஸ், ரிச்சர்ட் ஆஸ்லின் மூணு பேரும் பட்டனோட நிறுத்தாம கண்ணைக் கவனிச்சாங்க. ஆங்கிலத்துல கரடிக்கும் பேரிக்காய்க்கும் இருக்கிற சொற்கள் முதல் ஒலியில மட்டும்தான் வேறுபடும். உதடு திறந்ததுல இருந்து தொண்டை அதிர ஆரம்பிக்கிற வரைக்குமான நேரம்தான் அந்த வேறுபாடு. அந்த நேரத்தை 0-வுல இருந்து 40 மில்லிவிநாடி வரைக்கும் அஞ்சஞ்சா ஏத்தினாங்க. திரையில படங்கள் இருக்கும், கேட்ட சொல்லோட படத்தை கிளிக் பண்ணணும். கிளிக்கைப் பார்த்தா அதே பழைய செங்குத்துக் கோடு. ஆனா கண்? கரடியை கிளிக் பண்ணினவங்ககூட, சத்தம் எல்லையை நெருங்க நெருங்க, பேரிக்காய் பக்கமும் அதிகமாப் பார்வையை ஓட்டினாங்க. கை முடிவைச் சொல்லுது, கண் அந்த முடிவுக்குப் பின்னாடி இருந்த தயக்கத்தைக் காட்டிக் கொடுக்குது. அந்த நுண்ணிய வித்தியாசம் சொல்லைத் தேடற கட்டம் வரைக்கும் போய்ச் சேருது.

அப்போ 1957 பொய்யா? இல்லை. எல்லைகள் நிஜம், அவை மொழியோட நகரும். இதுல நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1964-ல லீ லிஸ்கரும் ஆர்தர் ஆப்ராம்சனும் இதே நேரத்தை 11 மொழிகள்ல அளந்தாங்க. அதுல தமிழும் ஒண்ணு. நம்ம எழுத்துல ப ஒண்ணுதான். ஆனா 'பல்'லும் 'பஸ்'ஸும் வேறன்னு காதுக்குத் தெரியும். 'பஸ்'ல உதடு திறக்கறதுக்கு முன்னாடியே தொண்டை அதிர ஆரம்பிச்சிடும். 'பல்'ல உதடு திறந்த உடனே. ஆங்கிலத்துல கோடு இன்னும் தள்ளி, ஏறக்குறைய 25 மில்லிவிநாடிகிட்ட இருக்கு. அதனால நம்ம 'பல்'லோட முதல் ஒலி ஒரு அமெரிக்கக் காதுல 'பஸ்' பக்கம் போய் விழும்.

இது வெறும் வரலாற்றுச் சண்டை இல்லை. வாசிக்கச் சிரமப்படற ஒரு குழந்தைக்கு இந்த அடையாளச் சோதனை வெச்சு, கோடு சரிவா வந்தா "இந்தக் குழந்தைக்கு ஒலி வகைகள் மங்கல்"னு எழுதற ஆய்வுகள் உண்டு. ஆனா நடுவுல கவனம் சிதறி நாலு தடவை கண்டபடி அழுத்தினாலும் கோடு சரிவாத்தான் வரும். எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? கோட்டோட ரெண்டு முனையைப் பாருங்க. சந்தேகமே இல்லாத சத்தத்துலகூட பதில் தப்பிச்சுதுன்னா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது காதை இல்லை, கவனத்தை.

1975-ல இன்னொரு சோதனை வந்தது. ஜப்பானியர்களுக்கு ஆங்கில ர-வும் ல-வும் ஒண்ணாவே கேட்குதுன்னு சொல்வோம் இல்லையா? மியவாகியும் சகாக்களும் அதைச் சோதிச்சாங்க. அதுல லிபர்மனும் ஒருத்தர். பேச்சுச் சத்தமாக் கொடுத்தப்போ ஜப்பானியர்கள் திணறினாங்க. அந்த ர-ல வித்தியாசத்தைச் சுமக்கிற அதிர்வெண் துண்டை மட்டும் தனியா வெட்டி, பேச்சே இல்லாத ஒரு கீச்சொலியாக் கொடுத்தப்போ, அமெரிக்கர்களுக்குச் சமமா வித்தியாசம் கண்டுபிடிச்சாங்க.

காதுக்குள்ள அது போயிருக்கு. அதை வெச்சு என்ன பண்ணணும்னுதான் அவங்க மொழி சொல்லித்தரலை. அதனால "அவங்களுக்குக் கேட்காது"ன்னு எங்கேயாவது படிச்சீங்கன்னா, அடுத்த கேள்வியா இதைக் கேளுங்க: எத்தனை பட்டன் கொடுத்தாங்க, நடுவுல எவ்வளவு நேரம் காத்திருக்க வெச்சாங்க?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.