நாவலுக்காகத் திறந்த புழுத்துளை

1985-ல் கார்ல் சேகன் ‘காண்டாக்ட்’ நாவலை முடிக்கும் தறுவாயில் இருந்தார். நாயகி எல்லி ஆரோவே சுமார் 25 ஒளியாண்டு தள்ளியிருக்கும் வேகா விண்மீனுக்குப் போய்வர வேண்டும். ஒளியின் வேகத்திலேயே போனாலும் திரும்பி வர சுமார் 50 ஆண்டு பிடிக்கும். அதனால் அவளை ஒரு கருந்துளைக்குள் தள்ளி, வேகா பக்கம் வெளியே வரவைத்திருந்தார். இது தேறுமா என்று கால்டெக்கில் இருந்த நண்பர் கிப் தார்னிடம் கேட்டார்.

தேறாது என்பது தார்னுக்கு உடனே தெரிந்தது. கருந்துளைக்குள் விழும் எதுவும் நசுங்கிப் போகும். அப்படியே உள்ளே ஒரு வழி இருந்தாலும், அதற்குள் விழும் சிறிதளவு கதிர்வீச்சுகூடப் பேராற்றல் பெற்று அந்த வழியை அடைத்துவிடும். ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டால் நண்பரின் கதை நின்றுவிடுமே! சாண்டா குரூஸிலிருந்து பாசடீனா திரும்பும் வழியில், காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து யோசித்தபோது அவருக்குப் புழுத்துளை நினைவுக்கு வந்தது.

புழுத்துளை புதிய சரக்கல்ல. ஐன்ஸ்டைனும் ரோசனும் 1935-லேயே அப்படி ஒரு பாலத்தைச் சமன்பாட்டில் கண்டிருந்தார்கள். ஆனால் அது பிறந்த வேகத்தில் சுருங்கி அறுந்துபோகும், ஒளிகூட அதற்குள் கடந்து முடிக்க முடியாது என்று 1962-ல் வீலரும் ஃபுல்லரும் காட்டிவிட்டார்கள். அதோடு பெரும்பாலோர் அதைக் கைகழுவிவிட்டார்கள்.

தார்ன் செய்தது ஒரு தலைகீழ் வேலை. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் ஒரு பக்கம் வெளியின் வளைவு, மறு பக்கம் அதை வளைக்கும் பொருள். இயற்பியலாளர்கள் வழக்கமாகப் பொருளை வைத்துக்கொண்டு வளைவைக் கண்டுபிடிப்பார்கள். தார்ன் எல்லிக்கு வேண்டிய வளைவை முதலில் எழுதினார்: குறுகலான கழுத்து, இரண்டு பக்கமும் திறந்த வாய், ஆளை நசுக்காத ஈர்ப்பு. பிறகு, இது இடிந்து விழாமல் நிற்க என்ன பொருள் வேண்டும் என்று சமன்பாட்டையே கேட்டார்.

சமன்பாடு சொன்ன விலைதான் விவகாரம். புழுத்துளைக்குள் நுழையும் ஒளிக்கற்றைகள் கழுத்து வரை குவிந்து, அதைத் தாண்டியதும் விரிய வேண்டும். சாதாரணப் பொருளின் ஈர்ப்பு ஒளியைக் குவிக்கத்தான் செய்யும். விரிக்க வேண்டுமானால், அந்த ஒளியின் பார்வையில் ஆற்றல் அடர்த்தி பூஜ்யத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அப்படி ஒன்று அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே எதிர்மறை ஆற்றல் தோன்றும் என்று காசிமிர் 1948-லேயே காட்டினார். ஆனால் அது அற்ப சொற்பம். ஒரு மீட்டர் அகல வாய்க்கே ஏறக்குறைய வியாழன் கோளின் எடை அளவில் எதிர்மறைப் பொருள் வேண்டும்.

சேகன் தார்னின் யோசனையை ஏற்று நாவலைத் திருத்தினார். விலைச்சீட்டை என்ன செய்தார் தெரியுமா? அந்தத் துளைகளைக் கட்டியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள், இப்போது பயன்படுத்துபவர்களுக்கே கட்டத் தெரியாது என்று எழுதிவிட்டார். கெட்டிக்காரத்தனம்தான். ‘இன்டர்ஸ்டெல்லர்’ படத்திலும் சனி கோளுக்கு அருகே யாரோ கொண்டுவந்து வைத்த புழுத்துளைதான் வருகிறது. அதற்கும் அறிவியல் ஆலோசகர் தார்னே! கறாரான அறிவியல் புனைகதை பொய் சொல்வதில்லை. சமன்பாட்டின் வளைவுப் பக்கத்தை நமக்குக் காட்டி, பொருள் பக்கத்தை ஊர்பேர் தெரியாத ஒரு நாகரிகத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது.

தார்னும் அவருடைய மாணவர் மைக்கேல் மாரிஸும் 1988-ல் இதை அமெரிக்க இயற்பியல் இதழில் கட்டுரையாக்கினார்கள். அதே ஆண்டு, உல்வி யுர்ட்செவரையும் சேர்த்துக்கொண்டு, அதைவிடச் சங்கடமான ஒன்றை வெளியிட்டார்கள். புழுத்துளையின் ஒரு வாயை அதிவேகமாக ஓட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்தால், அதன் கடிகாரம் மற்ற வாயின் கடிகாரத்தைவிடப் பின்தங்கிவிடும். அந்த வாயில் நுழைந்தால் கிளம்பிய நேரத்துக்கும் முன்னால் வெளியே வரலாம். ஒளியை முந்தும் வழி கிடைத்தால், கூடவே காலத்தில் பின்னோக்கிப் போகும் வழியும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

1997-ல் வந்த ‘காண்டாக்ட்’ படத்தைப் பாருங்கள். எல்லியின் கலம் சில நொடிகளில் கீழே விழுந்துவிடுகிறது; அவளது கேமராவிலோ 18 மணி நேரம் வெறும் இரைச்சல் பதிவாகியிருக்கிறது. வேகமாகப் போய்வந்தவருக்குக் காலம் குறைவாக ஓடும் என்பதுதான் சார்பியல். இங்கே எதிர்மாறாக, போனவளுக்குக் காலம் கூடியிருக்கிறது. அதாவது, 18 மணி நேரம் பயணித்துவிட்டுக் கிளம்பிய நொடிக்கே பின்னோக்கி வந்திருக்கிறாள். அந்தக் கலம் ஒரு கால இயந்திரமும்தான். படத்தில் அவள் சொல்வது உண்மையா என்றுதான் ஆராய்கிறார்களே தவிர, புறப்படுவதற்கு முந்தைய நாளுக்கே அவளால் போயிருக்க முடியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை.