அழைத்துக் கேட்பதா, முன்பணம் வாங்குவதா?
சி.ஓ.டி. ஆர்டர்களில் இரண்டு தடுப்புமுறைகள் – ஓர் ஒப்பாய்வு

பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. இணையம் வருவதற்கு வெகு காலம் முன்பே தபால்காரர் வி.பி.பி.யில் புத்தகமும் மருந்தும் கொண்டுவந்து, பணத்தை வாங்கிக்கொண்டு போனார். 2010இல் ஃபிளிப்கார்ட் சி.ஓ.டி.யைத் தொடங்கியபோது அந்தப் பழைய நம்பிக்கைதான் இணையக் கடைக்கு வந்து சேர்ந்தது. இன்று யு.பி.ஐ. எல்லார் கையிலும் இருக்கிறது. ஆனாலும், பெயர் தெரியாத ஒரு சிறு கடையில் முதல்முறை வாங்குபவர் பணத்தை முன்னால் கொடுக்கத் தயங்குகிறார். அவர் தயங்குவது நியாயம்தான். ஆகவே சிறு கடைக்காரர் சி.ஓ.டி.யை அடியோடு நிறுத்திவிட முடியாது. பொய் ஆர்டரையும் திரும்பி வரும் பார்சலையும் குறைக்கத்தான் முடியும்.

இதற்குச் சிறு கடைகள் கையாளும் வழிகளில் இரண்டு முக்கியமானவை. பார்சல் அனுப்புமுன் வாடிக்கையாளரை அழைத்து உறுதி செய்துகொள்வது ஒன்று. விலையில் ஒரு சிறு பகுதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு மீதியை வாசலில் பெறுவது இன்னொன்று. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகவே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டும் பிடிப்பது வேறு வேறு ஆட்களை.

ஒரு பார்சல் திரும்பினால் என்ன போகும்?

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சிறு இணையக் கடையை எடுத்துக்கொள்வோம். இனி வரும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கடையின் எண்களை அதே இடத்தில் போட்டுப் பார்க்கலாம்.

சேலையின் விலை 900 ரூபாய், கொள்முதல் 600. பேக்கிங்குக்கு 20, கூரியருக்கு 80, பணம் வசூலித்துத் தருவதற்கான சி.ஓ.டி. கட்டணம் 40. சேலை போய்ச் சேர்ந்தால் கடைக்கு மிஞ்சுவது 160 ரூபாய். வாங்க மறுத்துத் திரும்பினால் போக்குக்கு 80, வரவுக்கு 80, பேக்கிங் 20 என 180 ரூபாய் நட்டம். பார்சல் திரும்பினால் சி.ஓ.டி. கட்டணத்தைப் பல கூரியர் சேவைகள் வாங்காமல் விட்டுவிடுவதால் அதைச் சேர்க்கவில்லை. திரும்பும் ஒரு சேலை, விற்ற ஒரு சேலையின் இலாபத்தை விழுங்கி, அதற்கு மேலும் 20 ரூபாய் கேட்கிறது.

நூறு ஆர்டரில் 30 திரும்புவதாகக் கொள்வோம். விற்ற எழுபதில் 11,200 ரூபாய் வரும், திரும்பிய முப்பதில் 5,400 போகும், மிச்சம் 5,800. பார்சல் வழியில் இருக்கும் இரண்டு மூன்று வாரத்துக்கு அந்தச் சேலைகளில் முடங்கிய முதல் தனி.

இந்த முப்பதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பொய்ப் பெயர், தவறான எண், விளையாட்டுக்குப் போட்டது, தெரியாமல் இருமுறை அழுத்தியது போன்றவை ஒரு வகை. இவற்றுக்கு 12 என்று வைப்போம். மீதி 18 ஆர்டரும் உண்மையான ஆட்கள் போட்டவை. இரவில் பார்த்து ஆசைப்பட்டுப் போட்டிருப்பார்கள், நான்கு நாளில் அந்த ஆசை தணிந்திருக்கும். அல்லது டெலிவரிக்காரர் காலை பதினொரு மணிக்கு வரும்போது வீட்டில் மாமியார் மட்டும் இருப்பார். அவரிடம் பணமும் இருக்காது, பார்சலைப் பற்றி யாரும் சொல்லியும் வைத்திருக்க மாட்டார்கள்.

அழைப்பு எதைப் பிடிக்கிறது

அழைப்பு முதல் வகையை நன்றாகப் பிடிக்கும். எண் உண்மையா, ஆள் உண்மையா, முகவரி முழுமையா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் பலன். முகவரியை நாம் படித்துக் காட்டினால் யாராயிருந்தாலும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார்கள். முகவரியை அவர்களே சொல்லும்படி கேட்க வேண்டும். பிள்ளையார் கோயில் தெரு இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. ஊரும் பின்கோடும் ஒத்துவராவிட்டால் பார்சல் வேறொரு பிள்ளையார் கோயில் தெருவைத் தேடிப் போகும். தமிழ்நாட்டுப் பின்கோடு 60 முதல் 64 வரையான எண்களில் ஒன்றில்தான் தொடங்கும். முகவரியில் மதுரை என்றிருந்து பின்கோடு 5இல் தொடங்கினால் அழைக்கும் முன்பே சந்தேகம் வர வேண்டும்.

அடுத்துக் கேட்க வேண்டியது, ‘பார்சல் வரும்போது வீட்டில் யாருங்க இருப்பாங்க? அவங்ககிட்ட 900 ரூபாய் கொடுத்து வச்சிடுறீங்களா?’ என்பது. வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் கூச்சத்தில் ‘வேணும்’ என்பார்கள். பணத்தையும் ஆளையும் பற்றிக் கேட்டால், மனம் மாறியவர் அப்போதே ‘இப்ப வேண்டாங்க, அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்லிவிட வழி பிறக்கும்.

அழைப்பின் குறை என்னவென்றால், சொல்லுக்கு விலை இல்லை. தொலைபேசியில் சரி என்றவர் வாசலில் மறுத்தால் அவருக்கு இழப்பு எதுவும் கிடையாது. தெரியாத எண்ணை எடுக்காதவர்களும் உண்டு. அவர்களில் நல்ல வாடிக்கையாளரும் இருப்பார்கள்.

நம் கடைக் கணக்கில் அழைப்பு, பொய் ஆர்டர் பன்னிரண்டில் பத்தையும் மனம் மாறிய பதினெட்டில் ஐந்தையும் நிறுத்துகிறது என்போம். அழைப்பை எடுக்காததால் நல்ல ஆர்டர் நான்கும் ரத்தாகின்றன. போய்ச் சேர்ந்தவை 66, வரவு 10,560. திரும்பியவை 15, நட்டம் 2,700. மறுபடி மறுபடி அழைப்பதையும் சேர்த்து ஆர்டருக்கு நான்கு நிமிடம் என்றால் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம், அதாவது ஒருவரின் ஒரு நாள் வேலை. அதற்குக் கூலி 600. மிச்சம் 7,260 ரூபாய்.

முன்பணம் எதைப் பிடிக்கிறது

முன்பணம் இரண்டாம் வகையைப் பிடிக்கிறது. 900 ரூபாய்ச் சேலைக்கு 100 ரூபாய் யு.பி.ஐ.யில் கட்டியவர், பார்சல் வரும் நாளில் வீட்டில் சொல்லி வைப்பார். விளையாட்டுக்கு ஆர்டர் போடுபவர் பணம் கட்டும் பக்கத்திலேயே விலகிவிடுவார். அழைப்பு ஆளைச் சோதிக்கிறது. முன்பணம் விருப்பத்தைச் சோதிக்கிறது.

ஆனால் அது நல்லவர்களையும் விரட்டும். முதல்முறை வருபவர் கடையைச் சோதித்துப் பார்க்கத்தானே சி.ஓ.டி.யைத் தேர்ந்தெடுத்தார்? நம் கணக்கில் நல்லவர் எழுபதில் 20 பேர் விலகுகிறார்கள், திரும்பக்கூடிய முப்பதில் 26 பேர் விலகுகிறார்கள் என்று வைப்போம். போய்ச் சேர்ந்தவை 50, வரவு 8,000. திரும்பியவை 4. முன்பணம் கைவசம் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் நட்டம் 80 மட்டும், மொத்தம் 320. 54 பேரின் முன்பணத்துக்கு பேமெண்ட் கேட்வே கட்டணமும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 130 ரூபாய்க்குள். மிச்சம் ஏறத்தாழ 7,550 ரூபாய்.

ஆக, முன்பணம் அழைப்பைவிட 290 ரூபாய் கூடுதலாகத் தருகிறது. ஆனால் விலகும் நல்லவர்கள் 20க்குப் பதில் 22 பேர் என்றாலே கணக்கு மாறி, அழைப்பு முந்திவிடும். இரண்டுக்கும் உள்ள தூரம் அவ்வளவு குறைவு. மேலும், முன்பணத்தில் 50 வாடிக்கையாளர்கள்தான் மிஞ்சுகிறார்கள், அழைப்பில் 66 பேர். பண்டிகைக்கு மறுபடி வாங்க வருபவர்கள் இவர்களிலிருந்துதான் வர வேண்டும். முதல் குறைவாக உள்ள கடைக்கோ, 54 பார்சல் அனுப்பி 4 திரும்புவது 81 அனுப்பி 15 திரும்புவதைவிட நிம்மதி தரும்.

முன்பணத்தில் தவறு நேரும் இடங்கள் மூன்று. முதலாவது, பணத்தைக் கேட்கும் இடம். ஆர்டர் போட்ட பிறகு அழைத்து, க்யூஆர் கோடு அனுப்பி, நூறு ரூபாய் போடச் சொன்னால் அது மோசடிக்காரர் செய்வதைப் போலவே இருக்கும். ஆர்டர் போடும் பக்கத்திலேயே தொகையைக் காட்டி அங்கேயே வாங்குவதுதான் நல்லது. இரண்டாவது, பார்சலில் ஒட்டும் லேபிள். வசூலிக்க வேண்டிய தொகை 800 என்று அதில் இருக்க வேண்டும். பதிவு செய்யும்போது முழு விலையைப் போட்டுவிட்டால் டெலிவரிக்காரர் 900 கேட்பார். ஏமாற்றப்பட்டதாக நினைக்கும் வாடிக்கையாளர் பார்சலைத் திருப்பி அனுப்புவதோடு நிற்க மாட்டார்.

மூன்றாவது, முன்பணத்தைத் திருப்பித் தரும் விதி. வாசலில் காரணமின்றி மறுத்தால் திரும்பாது, சேலை பழுதானாலோ மாறி வந்தாலோ முழுதும் திரும்பும் என்று பணம் கட்டும் இடத்திலேயே எழுதிவைக்க வேண்டும். அனுப்புமுன் ரத்து செய்தால் முழுத் தொகையையும் கொடுத்துவிடுவதே முறை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்-வணிக) விதிகளின்படி, கடை தானாக ஆர்டரை ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தைத் தானும் ஏற்காவிட்டால், வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது.

எந்தக் கடைக்கு எது?

விடை கூரியர் தளத்திலேயே இருக்கிறது. டெலிவரி ஆகாத ஒவ்வொரு பார்சலுக்கும் அங்கே ஒரு காரணம் பதிவாகும். தளத்துக்குத் தளம் சொற்கள் சற்று மாறினாலும் `Incomplete Address`, `Customer Not Available`, `Customer Refused` என்ற மூன்றில் பெரும்பாலானவை அடங்கும். கடைசியாகத் திரும்பிய ஐம்பது பார்சலின் காரணங்களை ஒரு தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள். முகவரிச் சிக்கலும் கிடைக்காத எண்ணும் அதிகமென்றால் உங்களுக்கு வேண்டியது அழைப்பு. மறுத்தவர்கள் அதிகமென்றால் முன்பணம்.

`Customer Not Available` என்பதை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. வீட்டுப் பக்கமே போகாமல் அந்தக் காரணத்தைப் பதிவதும் நடக்கிறது. அது வந்த அன்றே வாடிக்கையாளருக்கு ஒரு செய்தி அனுப்பி, டெலிவரிக்காரர் வந்தாரா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் உடனே தளத்தில் மறுமுயற்சி கேட்க வேண்டும். பொதுவாக மூன்று முயற்சிக்குள் பார்சல் திருப்பப்பட்டுவிடும் என்பதால் இதில் ஒரு நாள் தாமதமும் பெரிது. இந்த வகை இழப்பை அழைப்பும் தடுக்காது, முன்பணமும் தடுக்காது.

இரண்டு முறைகளையும் எல்லா ஆர்டருக்கும் சேர்த்தே சுமத்தினால் கூலியும் போகும், வாடிக்கையாளரும் போவார். ஆர்டரைப் பார்த்துப் பிரிப்பதே சரி. ஏற்கெனவே வாங்கிப் பணம் கொடுத்தவருக்கு இரண்டும் வேண்டாம். முதல்முறை வரும் ஒற்றைச் சேலை ஆர்டருக்கு அழைப்பு போதும். மூன்று நான்கு சேலை சேர்ந்த பெரிய ஆர்டர், முன்பு ஒருமுறை வாசலில் மறுத்த எண், அடிக்கடி பார்சல் திரும்பும் பின்கோடு ஆகியவற்றுக்கு முன்பணம் கேட்கலாம். அழைப்பை எடுக்காதவரின் ஆர்டரை உடனே ரத்து செய்யாமல், கடையின் பக்கத்திலேயே முன்பணம் கட்டும் வாய்ப்பைக் காட்டி, ஒரு நாள் காத்திருக்கலாம். நம் கணக்கில் அழைப்பு இழந்த அந்த நான்கு நல்லவர்களில் சிலர் அந்த வழியாகத் திரும்ப வருவார்கள். இன்னும் நூறு ஆர்டர் கழித்துக் காரணங்களை மறுபடி எண்ணிப் பார்த்தால், யாரிடம் முன்பணம் கேட்பது என்ற எல்லையை எங்கே நகர்த்த வேண்டும் என்பது தெரியும்.